அந்நியரை விட்டுவிட முடிகிறது, அக்காவை ஏன் முடியவில்லை?

வாசகர் கேள்வி: போன மாதம் சிக்னலில் நின்றிருந்த என் வண்டியைப் பின்னால் வந்த ஒருவர் இடித்துவிட்டார். விளக்கு உடைந்தது. மன்னிப்புக் கேட்டார்; "பரவாயில்லை, போங்க" என்று அனுப்பிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் மறந்தும் போனேன். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் என் அக்கா வேறு வீட்டுக்குக் குடிபோகிற செய்தியைத் தம்பியிடமும் சித்தியிடமும் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "உன்கிட்ட சொல்லிட்டேன்னுதான் நினைச்சேன்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இன்றுவரை அவளிடம் இயல்பாகப் பேச முடியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நான் அற்ப புத்திக்காரியா?

பதில்: இல்லை. அந்த வண்டிக்காரரிடம் நீங்கள் காட்டிய பெருந்தன்மையை வைத்து அக்கா விஷயத்தில் உங்களை நீங்களே எடைபோடுகிறீர்கள். அந்த ஒப்பீட்டிலேயே கோளாறு இருக்கிறது. இரண்டு இடத்திலும் உங்கள் மனம் செய்ய வேண்டியிருந்த வேலை ஒன்றல்ல.

வண்டிக்காரருக்கு உங்களைத் தெரியாது. அவர் இடித்தது உங்கள் வண்டியை. அங்கே வேறு யார் நின்றிருந்தாலும் இடித்திருப்பார். இழப்பு ஒரு விளக்கு. மாற்றியதும் கணக்கு முடிந்தது. அவரிடம் நீங்கள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை, நாளைக்கு அவரைப் பார்க்கப் போவதுமில்லை. அங்கே மன்னிக்க வேண்டியது என்று உண்மையில் பெரிதாக எதுவும் இல்லை, கடந்துபோக வேண்டியதுதான் இருந்தது. அன்றாடப் பேச்சில் இரண்டையும் மன்னிப்பு என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் ஒன்று சுலபமாகவும் மற்றது நம் குணக்கேடு போலவும் தெரிகிறது.

உளவியல் ஆய்வுகளும் நெருங்கியவர்களை மன்னிப்பது கடினம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. மைக்கேல் மெக்கல்லோவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், உறவில் நெருக்கமும் ஈடுபாடும் அதிகமாக இருந்த இடத்தில் மன்னிப்பும் அதிகமாகவே இருந்தது. பெரிய காயங்களைக்கூடத் தாண்டி வருகிற குடும்பங்கள் நிறைய உண்டு. ஆகவே, 'உறவு என்பதால் முடியவில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்களைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஒன்று. அது இரண்டு பாகமாக இருக்கிறது. ஒன்று, அந்தச் சம்பவம் உங்களைப் பற்றி எதையோ சொல்வது போலிருந்தது. மற்றது, அது வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்தது.

முதலாவதை மார்க் லியரி என்ற உளவியலாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். மனம் புண்படுவது என்பது, 'இந்த உறவை நான் மதிக்கிற அளவுக்கு இவர் மதிக்கவில்லை' என்று உணர்கிற தருணத்தில் வருகிற வலி என்பது அவர் கருத்து. நடந்த செயலின் அளவு அங்கே இரண்டாம்பட்சம்தான். வீடு மாறுகிற செய்தி இரண்டு வாரம் தாமதமாக வந்ததால் உங்களுக்கு நடைமுறையில் எந்த நட்டமும் இல்லை. ஆனால் அக்கா மனதுக்குள் ஒரு வரிசை இருப்பதாகவும், அதில் நீங்கள் தம்பிக்கும் சித்திக்கும் பின்னால் நிற்பதாகவும் அந்தத் தாமதம் காட்டிவிட்டது. அப்படித்தான் உங்களுக்குப் பட்டிருக்கிறது. அந்நியரால் இப்படி ஒரு செய்தியைத் தரவே முடியாது. அவரிடம் உங்களுக்கென்று ஓர் இடம் இருந்தால்தானே அது குறைந்துபோக முடியும்?

இரண்டாவது பாகம்தான் எட்டு மாதத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு பெரிய தவறு நடந்தால் அதற்கென்று சில வழிகள் திறக்கின்றன. நீங்கள் கோபப்படலாம், மற்றவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள், தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்பார் அல்லது கேட்க மறுப்பார். எப்படியோ ஒரு முடிவு வரும். சின்ன அவமதிப்புக்கு இந்த வழி எதுவும் கிடையாது. புகார் சொன்னால் 'இதுக்கா?' என்பார்கள். அந்த பயத்தில் நீங்களே அதை முதலில் சொல்லிக்கொள்கிறீர்கள். 'இதுக்கா நான் வருத்தப்படுகிறேன்' என்று உங்களையே அதட்டி உள்ளே தள்ளிவிடுகிறீர்கள். இதனால் வலியோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. வெட்கப்படுகிற விஷயத்தை நாம் யாரிடமும் பேசுவதில்லை. பேசாதது தனிமையில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அக்கா அன்று சொன்ன வார்த்தையில் கொஞ்சம் அலட்சியம் கூடிவிடுகிறது. எட்டு மாதத்துக்குப் பிறகு உங்கள் காதில் ஒலிக்கிற 'நினைச்சேன்'இன் தொனி, அன்று உண்மையில் ஒலித்த தொனியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இதற்குள் அக்காவுக்கு அது மறந்தே போயிருக்கும். அதை அவருடைய கல்நெஞ்சுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராய் பாமைஸ்டரும் இரு சக ஆய்வாளர்களும் 1990இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஒரே ஆளிடம் இரண்டு உண்மைச் சம்பவங்களைக் கேட்டார்கள். ஒன்று, யாரோ தன்னைக் கோபப்படுத்தியது. இன்னொன்று, தான் யாரையோ கோபப்படுத்தியது. புண்பட்டவராகச் சொல்லும்போது, அது இன்னும் முடியாத விஷயமாகவும், அதற்கு முன்னால் நடந்த பலவற்றின் தொடர்ச்சியாகவும் இருந்தது. புண்படுத்தியவராகச் சொல்லும்போது அது ஒற்றைச் சம்பவம், காரணம் இருந்தது, எப்போதோ முடிந்துவிட்டது, எதிராளிதான் அளவுக்கு மீறிக் கோபப்பட்டார் என்று இருந்தது. இரண்டையும் சொன்னது ஒரே ஆட்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இது குணத்தால் வருகிற வித்தியாசம் இல்லை, நிற்கிற இடத்தால் வருவது. புண்பட்டவர் பலவற்றைப் பொறுத்துப் பொறுத்து ஒருநாள் பேசுகிறார். மற்றவருக்கோ அந்தக் கடைசி ஒன்று மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் இன்றைக்கு அக்காவிடம் வெடித்தால் அவர் முகத்தில் முதலில் தெரியப்போவது குற்ற உணர்ச்சியாக இருக்காது, குழப்பமாகத்தான் இருக்கும்.

நெருக்கமே உண்டாக்குகிற இன்னொரு பிழையும் உண்டு. கென்னத் சாவிட்ஸ்கி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அர்த்தம் வரக்கூடிய சொற்றொடர்களைத் தம்பதிகளும் அறிமுகமில்லாதவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தார்கள். தான் சொன்னது எதிராளிக்குப் புரிந்துவிட்டது என்று மிகையாக நம்பியது அந்நியரிடத்தில் குறைவாகவும், துணையிடத்தில் அதிகமாகவும் இருந்தது. அந்நியரிடம் நாம் கவனமாக விளக்குகிறோம். நெருங்கியவரிடம் 'அவளுக்குத் தெரியாதா என்ன' என்று விட்டுவிடுகிறோம். இது உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கக்கூடும். உங்களிடம் சொல்லாமலே சொன்னதாக அக்கா நினைத்திருக்கலாம். நீங்கள் எட்டு மாதமாகக் குறைவாகப் பேசுவதே வருத்தத்தை உணர்த்தியிருக்கும் என்று நீங்கள் நம்பியிருக்கலாம். அவரோ உங்களுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

இனி, செய்ய வேண்டியது. ஒரு தாளை எடுத்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குமேல் வேண்டாம்; நீண்டால் எழுதுவது புலம்பலாக மாறிவிடும். தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில், ஒரு கேமரா பதிவு செய்திருக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். இரண்டாவதில், அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம். மூன்றாவதில், 'இதே மாதிரி இதற்கு முன்னால் எப்போது உணர்ந்தேன்?' என்ற கேள்விக்குப் பதில்.

உங்கள் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கலாம் என்று ஊகித்துப் பார்க்கிறேன். முதல் பத்தி: 'அக்கா தம்பியிடமும் சித்தியிடமும் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. கேட்டபோது, சொல்லிவிட்டதாக நினைத்தேன் என்றார்.' மூன்றே வரி. 'என்னை ஒதுக்கினார்' என்று எழுதத் தோன்றும். அது கேமராவில் பதியாது, இரண்டாவது பத்திக்குப் போக வேண்டியது. இரண்டாவது: 'என்னைச் சொல்லித் தீர வேண்டிய ஆளாக அவர் நினைக்கவில்லை.' மூன்றாவது பத்தி எழுதும்போதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கை நின்றுவிடும். அப்பா மருத்துவமனையில் இருந்தபோது முடிவுகளை மற்ற இருவரும் எடுத்துவிட்டுக் கடைசியில் உங்களுக்குத் தகவல் தந்த நாள் அங்கே வரலாம். சிறுவயதில் 'அவளுக்கு எதுக்கு, அவ சின்னப் பொண்ணு' என்று அறைக்கு வெளியே அனுப்பப்பட்ட நாள் வரலாம். எதுவுமே வராமலும் போகலாம்.

அடுத்து என்ன செய்வது என்பது இந்த மூன்றாவது பத்தியைப் பொறுத்தது. அது காலியாக இருந்தால், இது தனிச் சம்பவம். பேசாமலே விட்டுவிடலாம், அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய சம்பவம் மட்டும் வந்து, அது இதைவிடப் பல மடங்கு கனமாக இருந்தால், நீங்கள் மன்னிக்க வேண்டியது அதைத்தான். வீட்டுச் செய்தியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பாரம் இறங்காது. ஒரே வகையான சம்பவம் மூன்று, நான்கு வந்தால், ஒரு பழக்கம் உருவாகியிருக்கிறது. அப்போது பேச வேண்டும், பேச வேண்டியதும் அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். எட்டு மாதம் ஆறாமல் இருப்பதைப் பார்த்தால் உங்களுடையது மூன்றாவது வகை என்று தோன்றுகிறது. தாள் வேறு சொன்னால் தாளையே நம்புங்கள்.

பேசுவதற்கு நேரில், தனியாக இருக்கிற சமயம் நல்லது. அது முடியாவிட்டால் தொலைபேசி. குடும்ப வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம், தனிச் செய்தியும் வேண்டாம். எழுத்தில் குரல் இல்லாததால் படிப்பவர் தன் பயத்துக்கு ஏற்ற குரலை அதில் போட்டுக்கொள்வார். விசேஷ நாள், நாலு பேர் கூடுகிற இடம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. சாட்சிகள் முன்னால் யாரும் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மத்தியஸ்தத்துக்குத் தம்பியை அழைப்பதும் அதே தவறுதான். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பதாக நீங்கள் எண்ணுகிறவரே அவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சொல்ல வேண்டியது நான்கைந்து வாக்கியம்தான். "அக்கா, ஒரு சின்ன விஷயம், ஆனா எனக்குள்ளே ரொம்ப நாளா இருக்கு. நீ வீடு மாறப்போறதைச் சித்தி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்பா விஷயத்திலயும் அப்படித்தான் ஆச்சு. உனக்கு நான் முக்கியமில்லையோன்னு தோணிடுச்சு. இனிமே இந்த மாதிரி விஷயத்தை நீயே எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும்னு ஆசைப்படறேன்." இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு காரணத்தோடு இருக்கிறது. 'சின்ன விஷயம்' என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டதால் 'இதுக்கா?' என்ற கேள்வியின் கூர்மை மழுங்கிவிடுகிறது. நடந்ததை முதல் பத்தியிலிருந்து அப்படியே எடுத்ததால் அவர் மறுக்க எதுவும் இல்லை. 'தோணிடுச்சு' என்பது உங்கள் உணர்வைச் சொல்கிறது, அவர் எண்ணத்துக்குத் தீர்ப்பு எழுதவில்லை. கடைசியில் இருப்பது அவர் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு செயல். 'என்னை மதிக்கணும்' என்று கேட்டிருந்தால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது, செய்தாரா என்று உங்களுக்கும் தெரியாது.

இந்தப் பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். 'எப்பவுமே நீ இப்படித்தான்' என்ற வார்த்தை வந்தவுடன், அப்படி இல்லாத ஒரு நாளை அவர் தேடி எடுத்து நீட்டுவார். அதன்பின் பேச்சு அந்த நாளைப் பற்றியதாகிவிடும். மற்றது, அவர் கொஞ்சம் இளகியதும் மனதிலிருக்கிற எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். பழக்கத்தைக் காட்ட இரண்டு சம்பவம் போதும். மூன்றாவதைச் சொன்னால், நீங்கள் கணக்கெழுதி வைத்திருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் அவர் காதில் விழும்.

அவருடைய முதல் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "இதையா எட்டு மாசமா வச்சிருக்கே?" என்றோ, "எனக்கிருந்த அலைச்சல்ல உனக்கு இதுதான் தெரியுதா?" என்றோ வர அதிக வாய்ப்பு உண்டு. எதிர்பாராமல் குற்றம் சாட்டப்பட்டவரின் அனிச்சைப் பதில் அது. "சரி அக்கா, சண்டைக்காகச் சொல்லல. யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். பலருக்கு மன்னிப்பு வாயில் வராது, நடத்தையில் வரும். சாதாரணமாகச் சொல்லாத ஏதோ ஒன்றைச் சொல்வதற்காக அவர் உங்களை அழைத்தால், அதுதான் அவருடைய பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "மன்னிச்சிடுன்னு சொல்லலையே" என்று காத்திருக்க வேண்டாம். அவர் சொல்கிற காரணத்தையும் கேளுங்கள். எட்டு மாதத்துக்கு முன் அவர் வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது உங்கள் தாளில் இல்லை.

நன்றாகப் பேசி முடித்த பிறகும், மறுநாள் காலையில் அதே வலி எழுந்து நின்றால் பயப்படாதீர்கள். மன்னிப்பு ஆய்வில் முக்கியமானவரான எவரெட் வொர்திங்டன் இதை இரண்டாகப் பிரிக்கிறார். இனி இதை வைத்து இவரை நடத்த மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று. உள்ளே இருக்கிற கசப்பு மாறுவது இன்னொன்று. முதலாவது ஒரே நாளில் நடக்கலாம். இரண்டாவது மெதுவாகத்தான் வரும், சில சமயம் பின்வாங்கும். பலரும் முடிவெடுத்துவிட்டு, உணர்வு உடனே மாறாததைப் பார்த்து, 'நான் மன்னிக்கவே இல்லை' என்று எடுத்த முடிவையும் கைவிட்டுவிடுகிறார்கள்.

நினைவு வந்தால் விரட்ட வேண்டாம். விரட்டினால் அதிகமாக வரும். சம்பவத்தை உங்கள் பெயர் சொல்லி, வெளியே நிற்கிற ஒருவர் விவரிப்பது போல ஒருமுறை மனதில் சொல்லிப் பாருங்கள். 'அவளுக்குச் செய்தி தாமதமாக வந்தது, வருத்தப்பட்டாள், அக்காவிடம் சொல்லிவிட்டாள்.' இப்படித் தன்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்று பார்க்கும்போது, உள்ளேயே சுழன்றுகொண்டிருப்பதைவிடக் கொதிப்பு குறைகிறது என்று ஈதன் க்ராஸ், ஓஸ்லெம் அய்டுக் ஆகியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனதுக்குள் அக்காவோடு வாதாடுவது மட்டும் கூடாது. அந்த வாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் வசனம் எழுதுவது நீங்கள்தான், அதனால் அவர் ஒருபோதும் நன்றாகப் பேசப் போவதில்லை.

ஆறிவருகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நினைவு வருகிறதா இல்லையா என்பதை வைத்துப் பார்க்காதீர்கள். யாராவது கேட்டால் நடந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். அக்காவைப் பற்றி ஒரு நல்ல செய்தி கேட்கும்போது, 'ஆனால்' என்று மனம் எதையாவது சேர்க்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். மிகக் கவனமான மரியாதையோடு, குறையே சொல்ல முடியாதபடி நீங்கள் அவரிடம் நடந்துகொள்வதாக உணர்ந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அது பல நேரம் மன்னிப்பின் உடையில் வருகிற விலகல்தான்.

நான் சொன்னதெல்லாம் சின்ன அவமதிப்புக்குத்தான். மூன்றாவது பத்தியில் தொடர்ச்சியான ஏளனம், மிரட்டல், பணத்தில் ஏமாற்றியது போன்றவை வந்திருந்தால் இந்த நான்கைந்து வாக்கியம் அதற்குப் போதாது. மன்னித்தே ஆக வேண்டும் என்றோ, பழையபடி நெருங்கிப் பழக வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. அதேபோல், இந்த நினைவால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ குறைந்திருந்தால் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.

பேசிய பிறகும் அக்கா மாறவில்லை என்றால்? ஆறு மாதம் கொடுங்கள். அதற்குள் உங்களுக்கு வந்து சேர வேண்டிய செய்திகள் நாலைந்தாவது இருக்கும். அவற்றில் எத்தனையை அவரே அழைத்துச் சொன்னார் என்று பாருங்கள். ஒன்றோ இரண்டோ தவறினால், தெரிந்த அன்றைக்கே "எனக்கு நீ சொல்லல அக்கா" என்று சொல்லிவிடுங்கள், எட்டு மாதம் சேர்க்காதீர்கள். எதுவுமே வரவில்லை என்றால், செய்தி சொல்வது அக்காவுக்கு வராத பழக்கம் என்று வைத்துக்கொண்டு, தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அக்காவிடம் அவருக்கு நன்றாக வருவதை மட்டும் எதிர்பாருங்கள்.